டெலிசைக்கியாட்ரி ஃபாலோ-அப் பற்றி மாநாட்டுக்கு ஒரு அப்ஸ்ட்ராக்ட்: நின்றுபோனவர்களையும் எண்ணி எழுதியது

எங்கள் பிரிவின் முதுநிலை மாணவர் கொண்டுவந்த வரைவின் கடைசி வரி இப்படி இருந்தது: "கிராமப்புற நோயாளிகளுக்கு டெலிசைக்கியாட்ரி வழியான தொடர்சிகிச்சை நல்ல பலன் தருகிறது, ஓராண்டில் 70 சதவீதம் பேர் முன்னேறியிருக்கிறார்கள்." படித்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 70 எத்தனை பேரில் 70 என்று கேட்டதும் அவர் திரும்பவும் எக்செல் தாளைத் திறந்தார், அங்கிருந்துதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. இந்த மாதிரி அப்ஸ்ட்ராக்ட் எழுதப்போகிறவர்களுக்கு உதவும் என்று அந்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாநாட்டில் படிப்பதற்கு முன் உண்மையான எண்களை வெளியில் போடக் கூடாது என்பதால், இங்கே வரும் நோயாளி எண்ணிக்கைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டுக்கொண்டவை. மொத்தம் 200 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்ட விதமும், எந்த இடத்தில் எதைக் கவனித்தோம் என்பதும் நடந்தது நடந்தபடிதான்.

கிளினிக் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். மருத்துவக் கல்லூரியிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறித்த நாளில் நோயாளிகள் வருவார்கள். அங்கே ஒரு நர்ஸும் எங்கள் சமூகப் பணியாளர் அக்காவும் இருப்பார்கள். திரையில் இந்தப் பக்கம் மனநல மருத்துவர். பார்த்து முடித்ததும் மருந்துச்சீட்டு அங்கே போகும், மாத்திரை அங்கேயே கிடைக்கும், ஃப்ளூபினாசின் மாதிரி மாதாந்திர ஊசி போட வேண்டியவர்களுக்கு நர்ஸ் போடுவார். தமிழ்நாட்டில் இது புதிய ஏற்பாடு இல்லை. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-லேயே புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பி, அதற்குள் நோயாளியை உட்கார வைத்து, சென்னையில் இருக்கும் மருத்துவரோடு வீடியோவில் பேச வைத்து, மருந்தையும் அந்தப் பேருந்திலேயே கொடுத்தது. நாங்கள் செய்வது அதைவிடச் சின்ன அளவில், நான்கு சுவருக்குள். 2022 அக்டோபரில் வந்த டெலி-மானஸ் 14416 உதவி எண்ணோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது யார் வேண்டுமானாலும் அழைக்கும் ஆலோசனை எண், இது பெயர் பதிந்த நோயாளிகளை மாதாமாதம் பார்க்கும் கிளினிக். இந்த வேறுபாடு அப்ஸ்ட்ராக்டின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியிலாவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் தன் மனதில் இருக்கும் ஏதோ ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு படிப்பார்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் கேள்வி: யாரை எண்ணுவது?

பதிவேட்டில் மொத்தம் 260-க்கு மேல் பெயர்கள் இருந்தன. ஓராண்டு முடிவில் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லப்போகிறோம் என்றால், சேர்ந்து ஓராண்டு முடிந்தவர்களை மட்டும்தான் எடுக்க முடியும். போன தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தவர் இன்னும் 12 மாதத்தைத் தொடவே இல்லை, அவரை உள்ளே வைத்தால் "இன்னும் தொடர்கிறார்" என்று கணக்கை ஏற்றிவிடுவார், அல்லது "12-ஆம் மாத வருகை இல்லை" என்று இறக்கிவிடுவார், இரண்டுமே பொய். அதனால் ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன் சேர்ந்தவர்கள் மட்டும் என்று கோடு போட்டோம். நோயையும் குறுக்கினோம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மற்ற நீண்டகால மனநோய்கள் மட்டும். தூக்கம் வரவில்லை என்று இரண்டு முறை வந்து சரியாகிப் போனவர் ஓராண்டு தொடரவில்லை என்றால் அது இழப்பு இல்லை, வேலை முடிந்தது என்று அர்த்தம். அவரையும் மனச்சிதைவில் மருந்தை விட்டவரையும் ஒரே கூடையில் போட்டால் வரும் சதவீதத்துக்குப் பொருளே கிடையாது.

அப்புறம் இரட்டைப் பதிவுகள். இது நம் ஊர்ப் பதிவேடுகளுக்கே உரிய சிக்கல், வெளிநாட்டுக் கையேடுகளில் பார்க்க முடியாது. ஒரு பெண் சேரும்போது அப்பாவின் இனிஷியலோடு சேர்ந்திருப்பார். இடையில் ஆதார் அட்டையில் அப்பா பெயர் கணவர் பெயராக மாறியதும் புதிய இனிஷியலோடு, புதிய எண்ணோடு இன்னொரு முறை பதிவாகியிருப்பார். எக்செல் பார்வையில் முதல் ஆள் காணாமல் போய்விட்டார், இரண்டாவது ஆள் புதிதாக வந்திருக்கிறார். உண்மையில் ஒரே ஆள், ஒரு மாதம்கூடத் தவறாமல் மாத்திரை வாங்கியவர். எண்ணை வைத்துத் தேடினால் இது அகப்படாது. பிறந்த ஆண்டு, ஊர், போன் எண், கூட வருபவர் யார் என்ற நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்திப் பார்த்ததில் இப்படிச் சில ஜோடிகள் கிடைத்தன. மீதியை அக்கா பெயரைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். கோடு போட்டு, இரட்டையை எடுத்த பிறகு நின்றது 200. இந்த 200 இனி எந்த வரியிலும் மறையக் கூடாது என்று தாளின் மேலே பெரிதாக எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது கேள்விதான் அதிக நேரம் எடுத்தது: ஒருவர் ஓராண்டு முடிவில் "தொடர்கிறார்" என்று எப்போது சொல்வது?

வரைவில் இருந்த விளக்கம், 12 மாதத்துக்குள் ஆறு முறையாவது வந்திருந்தால் தொடர்பவர் என்பது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் ஆறு மாதம் ஒழுங்காக வந்துவிட்டு ஏழாவது மாதம் மருந்தை நிறுத்தியவரும் இந்தக் கணக்கில் தேறிவிடுவார். வருகை எண்ணிக்கை நம் கிளினிக் எவ்வளவு வேலை செய்தது என்பதைக் காட்டும். கடைசியில் அந்த ஆள் சிகிச்சையில் இருக்கிறாரா என்பதைக் காட்டாது. அதனால் விளக்கத்தை மாற்றினோம்: ஓராண்டின் கடைசி 90 நாட்களுக்குள் ஒரு முறையாவது கிளினிக்கோடு தொடர்பு இருந்திருக்க வேண்டும். ஏன் 90 நாள் என்றால், மாதாமாதம் வருபவர்கள் திருவிழா, நடவு, அறுவடை என்று ஒரு மாதம் தவறுவது சகஜம். இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. 30 நாள் என்று வைத்தால் நன்றாக இருப்பவர்களையும் நின்றுபோனவர்கள் பட்டியலில் தள்ளிவிடும். இப்படிப் பார்த்ததில் 200-இல் 124 பேர் தொடர்பில் இருந்தார்கள்.

அந்த 124-ஐ எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது அக்கா ஒன்று சொன்னார். "டாக்டர், இதில் கொஞ்சம் பேரை நானே பல மாதமாகப் பார்க்கவில்லை. அவங்க அம்மாதான் வந்து மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க."

பதிவேட்டில் "வந்தார்" என்று ஒரு டிக் மட்டும்தான் இருக்கும். வந்தது நோயாளியா, அவருடைய அம்மாவா, அண்ணனா என்று அதில் தெரியாது. கேஸ் ஷீட்டை ஒவ்வொன்றாகப் புரட்டியதில், அந்தக் கடைசி 90 நாளில் 27 பேருக்கு வீட்டார் மட்டுமே வந்திருந்தார்கள். நோயாளியை மருத்துவர் திரையிலாவது பார்த்தது 97 பேரை. 62 சதவீதம் தொடர்கிறார்கள் என்பதும் உண்மை, 48.5 சதவீதம் பேரைத்தான் பார்த்தோம் என்பதும் உண்மை. இரண்டில் எதை எழுதுவது என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. என் கருத்து, இரண்டையும் எழுத வேண்டும். அம்மா வந்து வாங்கிப் போகும் மாத்திரையைக் குறைத்து மதிப்பிட முடியாது. பல வீடுகளில் அந்த அம்மா இல்லை என்றால் சிகிச்சையே இல்லை, ரசத்தில் கலந்து கொடுக்கிறேன் என்று சொல்பவர்களும் அதில் உண்டு, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் நோயாளியைப் பார்க்காமல் மாதக்கணக்கில் மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்றால் கை நடுக்கம், உடல் விறைப்பு, எடை ஏறுவது எதுவும் நம் கண்ணில் படாது. டெலிசைக்கியாட்ரியில் இது நேரடி கிளினிக்கைவிட எளிதாக நடக்கிறது, ஏனென்றால் மருத்துவர் அந்த அறையில் இல்லை. இதை மறைத்து எழுதும் அப்ஸ்ட்ராக்ட் அந்த ஏற்பாட்டின் முக்கியமான பலவீனத்தையே மறைத்துவிடுகிறது.

இன்னொரு விஷயமும் இங்கேதான் வந்தது. 2020 மார்ச் 25-இல் வந்த இந்திய டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி, அதே மருத்துவர் அதே நோய்க்கு, நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் பார்ப்பதுதான் ஃபாலோ-அப். ஆறு மாதம் தாண்டினால் அது மறுபடியும் முதல் ஆலோசனையாகக் கருதப்படும். ஆகவே ஓராண்டு முழுக்க திரையிலேயே நடந்தது என்று எங்களால் எழுத முடியாது, நடக்கவும் இல்லை. இடையில் மருத்துவர் குழு அங்கே நேரில் போய்ப் பார்க்கும் முகாம்கள் உண்டு. அப்படியானால் நாங்கள் அளப்பது நேரில் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் கலந்த ஒரு ஏற்பாட்டை. வரும் பலனில் முகாமின் பங்கு எவ்வளவு, திரையின் பங்கு எவ்வளவு என்று எங்கள் தரவிலிருந்து பிரிக்க முடியாது. செய்முறைப் பகுதியில் "இடையிடையே நேரடி முகாம்களுடன்" என்ற மூன்று சொல்லைச் சேர்த்தோம். மூன்று சொல்தான், ஆனால் அது இல்லை என்றால் மொத்த அப்ஸ்ட்ராக்டும் வேறு எதையோ பற்றியதாகிவிடும். அதே மாதிரி வீடியோ பாதியில் நின்று போனில் முடிந்த ஆலோசனைகளும் நிறைய. எது வீடியோ, எது போன் என்ற கட்டம் பாதிக்கு மேல் காலியாக இருந்ததால், "வீடியோ அல்லது தொலைபேசி" என்று சேர்த்தே எழுதினோம்.

இனி அந்த 76 பேர். 200-இல் 124 போக மீதி. பொதுவாக அப்ஸ்ட்ராக்டுகளில் இவர்கள் "தொடர்பு இழந்தவர்கள்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுவார்கள். எனக்கு இவர்கள்தான் இந்த வேலையின் மையம் என்று தோன்றியது. இவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று எதைச் சொன்னாலும் ஊகம்தான்.

விசாரிப்பதில் கவனம் தேவைப்பட்டது. அறியாத ஆள் போன் செய்து "மனநல கிளினிக்கிலிருந்து பேசுகிறோம்" என்று ஆரம்பித்தால், எடுப்பது மாமியாராக இருக்கலாம். கல்யாணமாகிப் போன பெண் ஒருவரின் நோய் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு போன் காலில் ஒரு வாழ்க்கை குலைந்துவிடும். அதனால் நெறிமுறைக் குழுவிடம் முதலிலேயே தெளிவாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம்: ஏற்கெனவே அந்தக் குடும்பத்துக்கு அறிமுகமான சமூகப் பணியாளர் மட்டுமே பேசுவார், பதிவின்போது தொடர்புக்கு என்று நோயாளி கொடுத்த எண்ணுக்கு மட்டுமே அழைப்பார், கிளினிக் பெயரைச் சொல்லமாட்டார், தன் பெயரை மட்டும் சொல்வார், மறுபடி சிகிச்சைக்கு வர விரும்பினால் வழி செய்வார். பழைய கேஸ் ஷீட்டைப் பார்ப்பதற்கு ஒப்புதல் விலக்கு கிடைக்கலாம். ஆளைத் தேடிப் பேசுவது அதில் அடங்காது. இதைத் தெரியாமல் பலர் ஒரே அனுமதியில் இரண்டையும் செய்யப் பார்க்கிறார்கள்.

வந்த பதில்களைச் சேர்த்தபோது படம் மாறிவிட்டது. 76-இல் 31 பேர் வேறு இடத்தில் சிகிச்சையில் இருந்தார்கள், சிலர் அரசு மருத்துவமனையில், சிலர் தனியாரிடம். 14 பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள், திருப்பூர் பக்கம் வேலைக்கு, அல்லது கல்யாணமாகி. அவர்கள் மருந்து எடுக்கிறார்களா என்று உறுதியாகத் தெரியவில்லை. 6 பேர் இறந்திருந்தார்கள். 25 பேர் ஊரிலேயே இருந்துகொண்டு மருந்தை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரையும் ஒரே சொல்லில் "இழந்தோம்" என்று எழுதியிருந்தால், பக்கத்தில் வேறு கிளினிக் திறந்ததால் அங்கே போனவரும், மருந்தை விட்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பவரும் ஒரே எண்ணுக்குள் போயிருப்பார்கள். இப்போது இன்னொரு வரி சொல்ல முடிகிறது: எங்கள் கிளினிக்கிலோ வேறு எங்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் 124-உம் 31-உம் சேர்த்து 155, அதாவது 200-இல் 77.5 சதவீதம். அதேபோல் உண்மையில் கவலைப்பட வேண்டிய 25 பேர் தனியாகத் தெரிகிறார்கள்.

இறந்தவர்கள் 6 பேரைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கில் அவர்களைக் கழித்து 194 என்று வகுத்தால் சதவீதம் கொஞ்சம் ஏறும். சிலர் அப்படிச் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. நீண்டகால மனநோய் உள்ளவர்கள் இதயநோயாலும் தற்கொலையாலும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். மரணமும் இந்தச் சிகிச்சைக் காலத்தில் நடந்த ஒரு விளைவுதான், தரவில் விழுந்த தூசி இல்லை. காரணங்களை மட்டும் பிரித்து எழுதவில்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியில் இரண்டு பேர் இந்தக் காரணத்தால் இறந்தார்கள் என்று எழுதினால் அந்த ஊர்க்காரர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். அதே காரணத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரும் தாலுகாவின் பெயரும் அப்ஸ்ட்ராக்டில் கிடையாது.

இப்போது முதலில் சொன்ன அந்த 70 சதவீதத்துக்கு வரலாம். கடைசியில் பார்த்த 97 பேரில் ஆரம்பத்திலும் முடிவிலும் சிஜிஐ தீவிர மதிப்பெண் போடப்பட்டிருந்தது 90 பேருக்கு. சிஜிஐ என்பது மருத்துவர் நோயின் கடுமையை 1 முதல் 7 வரை ஒரே எண்ணில் குறிப்பது. 1 என்றால் நோயே இல்லை, 7 என்றால் மிக மோசம். இந்த 90-இல் 63 பேருக்கு ஒரு படியாவது இறங்கியிருந்தது. 63-ஐ 90-ஆல் வகுத்தால் 70. சேர்ந்த 200 பேரால் வகுத்தால் 31.5. மதிப்பெண் இல்லாத 110 பேரில் ஒருவர்கூட முன்னேறவில்லை என்று வைத்தால் வரும் எண் இது. அத்தனை பேரும் முன்னேறிவிட்டார்கள் என்று வைத்தால் 86.5. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது, எங்கே என்று இந்தத் தரவால் சொல்ல முடியாது. மாணவரிடம் இந்த மூன்று எண்ணையும் பலகையில் எழுதிக் காட்டியபோது, "அப்போ இதை எழுதவே கூடாதா மேடம்?" என்று கேட்டார். எழுதலாம், ஆனால் "90 பேரில் 63" என்று எழுத வேண்டும், 200-உம் அதே வரியில் கண்ணில் பட வேண்டும், இதை முதன்மை முடிவாக நிறுத்தக் கூடாது.

மதிப்பெண் கிடைத்த 90 பேரும் சாதாரண 90 பேர் இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். திரை முன்னால் வந்து உட்காரும் அளவுக்கு நன்றாக இருப்பவர்கள் அவர்கள். மோசமாக இருப்பவர் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார், அவருக்குப் பதில் அம்மா வருவார், அம்மாவுக்கு சிஜிஐ போட முடியாது. அதாவது மதிப்பெண் இல்லாமல் போவதற்கும் நோயின் நிலைக்கும் தொடர்பு இருக்கிறது, சாஃப்ட்வேரில் விடுபட்டதை நிரப்பும் எந்த முறையும் இதை முழுதாகச் சரிசெய்யாது. இன்னொரு பக்கம், முகாமில் முதல்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டு, பல வருடம் சிகிச்சையே இல்லாமல் இருந்தவருக்கு மருந்து ஆரம்பித்தால் மதிப்பெண் கண்டிப்பாக இறங்கும், மருத்துவர் திரையில் இருந்தாலும் எதிரில் இருந்தாலும். அதுவே வார்டில் இருந்து தேறி, வீடு போய், எங்களிடம் மாற்றிவிடப்பட்டவருக்கு மதிப்பெண் ஏறாமல் இருப்பதே வெற்றி. இந்த இரண்டு வகையும் எங்கள் 200-இல் கலந்திருக்கின்றன. மற்ற மருந்துகள் கேட்காதபோது கொடுக்கும் க்ளோசபினை எடுப்பவர்கள் பெரும்பாலும் இதில் இல்லவே இல்லை, ரத்தப் பரிசோதனைக்காக அவர்களைப் பெரிய மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்வதால். ஆகவே கடினமான நோயாளிகளில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே வெளியே இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகு "பலன் தருகிறது" என்ற சொல்லை எடுத்துவிட்டோம்.

ஐடியாஸ் மதிப்பெண்ணையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். இயலாமையை அளக்க இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய அளவுகோல் அது, தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, புரிந்து பேசுவது, வேலை செய்வது என்று நான்கையும் பார்க்கும். நல்ல அளவுகோல்தான். ஆனால் எங்கள் கோப்புகளில் இருந்த ஐடியாஸ் எல்லாம் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் போட்டவை. 40 சதவீதம் இருந்தால்தான் பல உதவிகள் கிடைக்கும். குறைந்தால் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு மாத வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று தெரிந்த இடத்தில், நோயாளியும் வீட்டாரும் சொல்லும் பதிலும் மருத்துவரின் பேனாவும் அந்தக் கோட்டை மறந்து இயங்காது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்தப் பணம் அவர்களுக்குத் தேவை. ஆனால் அந்த எண்ணை எடுத்து "ஓராண்டில் இயலாமை குறையவில்லை" என்று எழுதினால் அது சிகிச்சையைப் பற்றிய செய்தி இல்லை. விட்டுவிட்டோம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். வரம்பு 250 சொல், அதுவும் ஆங்கிலத்தில். பங்கு பிரித்த விதம்: பின்னணிக்கு 35, நோக்கத்துக்கு 20, செய்முறைக்கு 75, முடிவுகளுக்கு 85, கருத்துரைக்கு 35. எழுதியது தலைகீழ் வரிசையில், முடிவுகளை முதலில். பின்னணி கடைசியில், மீதி இருக்கும் சொற்களில். பின்னணியில் 2015-16 தேசிய மனநல ஆய்வின் சிகிச்சை இடைவெளி எண்ணைப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் கை அரிக்கும். மனநல மருத்துவர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் அரங்கில் அது தெரியாதவர் யாரும் இல்லை. அதற்குப் போகும் 20 சொல்லில் அந்த 27 பேரைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

தொடர்பவர்களின் சதவீதத்துக்கு நம்பக எல்லையும் வேண்டும். ஆர் மென்பொருளில் ஒரே வரி:

```r
prop.test(124, 200, correct = FALSE)
```

55 முதல் 68 சதவீதம் வரை என்று வந்தது. முன்-பின் ஒப்பீட்டுக்கு பி மதிப்பு போடவில்லை. 90 பேரின் மதிப்பெண் இறங்கியது தற்செயலா என்பது இங்கே கேள்வியே இல்லை, மற்ற 110 பேர் எங்கே என்பதுதான் கேள்வி, அதற்கு பி மதிப்பு பதில் சொல்லாது.

அனுப்பியதன் தமிழ் வடிவம் ஏறக்குறைய இது:

"தலைப்பு: கிராமப்புற டெலிசைக்கியாட்ரி கிளினிக்கில் ஓராண்டுத் தொடர்ச்சியும் நின்றவர்களின் நிலையும்: 200 நோயாளிகளின் பின்னோக்கு ஆய்வு.

பின்னணி: கிளினிக் வருகை எண்ணிக்கைகளில் நின்றுபோனவர்களின் நிலை தெரிவதில்லை.

நோக்கம்: ஓராண்டு முடிவில் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள், நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று அறிவது.

செய்முறை: ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீடியோ அல்லது தொலைபேசி வழியாக, இடையிடையே நேரடி முகாம்களுடன் நடக்கும் கிளினிக். சேர்ந்து 12 மாதம் முடிந்த, நீண்டகால மனநோய் உள்ள அனைவரும் சேர்க்கப்பட்டனர். கடைசி 90 நாட்களில் ஒரு தொடர்பாவது இருந்தால் தொடர்பவர். நோயாளியைக் கண்டதும் வீட்டார் மட்டும் வந்ததும் தனித்தனியே எண்ணப்பட்டன. நின்றவர்களை அவர்களுக்கு அறிமுகமான சமூகப் பணியாளர் விசாரித்தார். நோயின் தீவிரத்தைச் சிகிச்சை அளித்த மருத்துவரே சிஜிஐ-யில் மதிப்பிட்டார்.

முடிவுகள்: 200 பேரில் 124 பேர் (62%, 95% நம்பக எல்லை 55–68) தொடர்பில் இருந்தனர், இவர்களில் 97 பேரை மருத்துவர் கண்டார், 27 பேருக்கு வீட்டார் மட்டும் வந்தனர். மீதி 76 பேரில் 31 பேர் வேறிடத்தில் சிகிச்சையில் இருந்தனர், 14 பேர் இடம்பெயர்ந்தனர், 6 பேர் இறந்தனர், 25 பேர் சிகிச்சையை நிறுத்தினர். இருமுறையும் சிஜிஐ பதிவான 90 பேரில் 63 பேருக்கு ஒரு படியேனும் குறைந்தது. மற்ற 110 பேருக்கு மதிப்பெண் இல்லை.

கருத்துரை: பத்தில் ஆறு பேர் ஓராண்டு தொடர்ந்தனர். நின்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் வேறிடத்தில் சிகிச்சையில் இருந்ததால், வருகைப் பதிவை மட்டும் வைத்து இழப்பைக் கணக்கிடுவது பிழையாகும். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் நேரடி சிகிச்சையோடு ஒப்பிட இயலாது."

கடைசி வரியை எடுத்துவிடலாம், ஏற்கும் வாய்ப்பு குறையும் என்று ஒரு சக மருத்துவர் சொன்னார். அவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது: நம் வெளிநோயாளர் பிரிவில் தொடர்பவர்களின் சதவீதத்தை எடுத்து ஒப்பீடாகப் போட்டால் என்ன? அங்கே வருபவர்கள் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், கூடவே க்ளோசபின்காரர்களும் மற்ற கடினமான நோயாளிகளும் அங்கேதான். இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே வேறு. எண் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்குக் காரணம் திரை என்று சொல்ல வழியில்லை. அதனால் அந்த வரி அப்படியே போனது.

ஏற்றுக்கொண்டார்கள், போஸ்டராக. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் பி மதிப்பு எங்கே என்று கேட்டிருந்தார், மேலே சொன்ன பதிலையே சுருக்கி எழுதினோம். இன்னொருவர் கேட்டதுதான் பயனுள்ள கேள்வி: வீட்டார் மட்டும் வரும் அந்த 27 பேர் எவ்வளவு காலமாக அப்படி, மருந்து உண்மையில் உள்ளே போகிறதா? மாத்திரையில் இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் வழி இல்லை. ஆனால் ஊசிப் பதிவேடு இருக்கிறது. ஊசி போட ஆள் வந்துதான் ஆக வேண்டும், அம்மா வந்து வாங்கிப் போக முடியாது, நர்ஸ் தேதியோடு கையெழுத்துப் போட்டிருப்பார். மாதாந்திர ஊசியில் இருப்பவர்களின் தேதிகளை மட்டும் தனியாக எடுத்து, இரண்டு ஊசிக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால், குறைந்தபட்சம் ஒரு பிரிவினருக்காவது மருந்து உடம்புக்குள் போனதா என்று சந்தேகமில்லாமல் தெரியும். போஸ்டரில் அந்தப் படத்தைச் சேர்க்கப்போகிறோம்.

பதிவேட்டையும் மாற்றியாகிவிட்டது. "வந்தார்" டிக் இருந்த இடத்தில் இப்போது மூன்று கட்டம்: வந்தது யார், வீடியோவா போனா, கடைசியாக நேரில் பார்த்த தேதி என்ன. மூன்றாவது கட்டத்தில் ஆறு மாதம் நெருங்கினால் அக்கா சிவப்பு மையில் வட்டம் போடுகிறார், அடுத்த முகாமுக்கு முதலில் அழைப்பது அந்தப் பெயர்களைத்தான். நின்றுபோன 25 பேரில் சிலர் அந்த விசாரிப்புக்குப் பிறகு திரும்ப வந்திருக்கிறார்கள். அவர்கள் இந்த அப்ஸ்ட்ராக்டின் கணக்கில் வரமாட்டார்கள், குறித்த தேதிக்குப் பிறகு நடந்ததால்.